தமிழ் பாட்காஸ்ட்டில் வருமானம்: ஸ்பான்சர், சந்தா, காலக்கணக்கு (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

கீழே வரும் கணக்குகள் எல்லாவற்றுக்கும் ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம்: மாடித்தோட்டம் பற்றி வாரம் ஒரு எபிசோட், அரை மணி நேரம், தமிழில். நிகழ்ச்சி கற்பனைதான். எண்கள் ஒரு சிறு நிகழ்ச்சி திட்டம் போடுவதற்கு ஏற்ற அளவில் எடுத்தவை. சினிமா, அரசியல் பேசும் நிகழ்ச்சிகளுக்கு இது பொருந்தாது. அங்கே கூட்டம் பெரிது, ஆனால் அந்தக் கூட்டத்துக்கென்றே சரக்கு வைத்திருக்கும் கடை இல்லை.

ஆரம்பிச்சு எத்தனை மாசத்துல காசு வரும்?

முதல் ரூபாய் வர 9 முதல் 12 மாதம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதாமாதம் ஓரளவு நிலையாக வர இரண்டு வருடம்.

முதல் மூன்று மாதம் ஒரு எபிசோடுக்கு 50 முதல் 100 கேட்புகள் வந்தாலே சரியான பாதைதான். அதில் பாதி சொந்தக்காரர்களும் நண்பர்களுமாக இருப்பார்கள். ஆறாம் மாதம் 200, 300. வருடக் கடைசியில் 600, 800. ஒன்றரை வருடத்தில் 1,200 முதல் 1,500. இரண்டு வருடத்தில் 2,000. இது வாரம் தவறாமல் எபிசோட் போட்டு, மாடித்தோட்ட வாட்ஸப் குழுக்களிலும் விதைத் திருவிழாக்களிலும் ஆளைத் தேடிப்போகும் நிகழ்ச்சிக்கான கணக்கு. பதிவேற்றிவிட்டுச் சும்மா இருந்தால் 100-லேயே நின்றுவிடும்.

100 என்றதும் மனம் தளர வேண்டாம். பாட்காஸ்ட் ஒலிக்கோப்புகளை வைத்து வெளியிடும் பஸ்ஸ்ப்ரவுட் என்ற ஹோஸ்டிங் நிறுவனம் தன் தளத்தில் உள்ள நிகழ்ச்சிகளின் எண்களை வெளியிடுகிறது. அதன்படி வெளியான ஏழு நாளில் 30 டவுன்லோட் சொச்சம் தாண்டினாலே மேல்பாதியில் வந்துவிடுகிறது. பெரும்பாலும் ஆங்கில நிகழ்ச்சிகள் இருக்கும் தளத்திலேயே இதுதான் நிலை.

ஒரு எபிசோடை எத்தனை பேர் கேட்டா ஸ்பான்சர் வருவாங்க?

தானாக வருவதற்கு 10,000 கூடப் போதாது. நீங்கள் போய்க் கேட்பதற்கு 500 போதும், அந்த 500 பேரும் ஒரே விஷயத்துக்காகக் காசு செலவழிப்பவர்களாக இருந்தால்.

எந்த எண்ணைச் சொல்கிறோம் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். டாஷ்போர்டில் "All time" என்று பெரிதாகத் தெரிவது ஸ்பான்சருக்கு உதவாது. அவர் வாங்கப்போவது அடுத்த மாத எபிசோடை. வெளியாகி 30 நாள் முடிந்த கடைசி எட்டு எபிசோடுகள் ஒவ்வொன்றும் அந்த 30 நாளில் எத்தனை டவுன்லோட் பெற்றது என்று சிறியதிலிருந்து பெரியதாக எழுதி, நடுவில் வரும் இரண்டு எண்ணுக்கும் இடைப்பட்டதைச் சொல்லுங்கள். சராசரி வேண்டாம். ஏதோ ஒரு எபிசோட் வைரலாகியிருந்தால் சராசரி பொய் சொல்லும்.

டவுன்லோட் என்பதற்கே ஒரு வரையறை உண்டு. இணைய விளம்பரத் துறையின் அமைப்பான ஐஏபி வகுத்த முறைப்படி, குறைந்தது ஒரு நிமிட ஒலி இறங்கியிருந்தால்தான் ஒன்று. ஒரே ஆள் ஒரே எபிசோடை 24 மணி நேரத்துக்குள் மறுபடி இறக்கினால் சேராது. யூடியூப் "வியூ" இதற்குச் சமமல்ல. இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகச் சொல்லாதீர்கள், தனித்தனி வரியாகக் கொடுங்கள். விவரம் தெரிந்த ஸ்பான்சர் முதலில் சோதிப்பது இதைத்தான்.

அமெரிக்காவுல ஆயிரம் கேட்புக்கு 20 டாலர்னு சொல்றாங்களே, நாமளும் அப்படியே கேட்கலாமா?

கேட்கலாம், ஒரு தடவை கொடுக்கவும் செய்வார்கள். இரண்டாவது மாதம் வரமாட்டார்கள். ஏன் என்பதைக் கடைக்காரரின் பக்கத்திலிருந்து போட்டுப் பார்த்தால் தெரியும்.

நம் நிகழ்ச்சிக்கு ஒன்றரை வருடம் ஆகிவிட்டது, ஒரு எபிசோடுக்கு 1,500 கேட்பு என்று கொள்வோம். மாதம் நான்கு எபிசோட் என்றால் 6,000 கேட்பு. ஆயிரத்துக்கு 20 டாலர் வீதம் 120 டாலர், அதாவது ரூ.10,000-க்குக் கொஞ்சம் மேல். ஸ்பான்சர், மாடித்தோட்டப் பை விற்கும் கடை. பத்துப் பை, ஒரு தென்னைநார்க் கட்டி, விதைகள் சேர்ந்த தொகுப்பு ரூ.1,200. அதில் அவருக்கு நிற்பது ரூ.350. உங்களுக்குக் கொடுத்த ரூ.10,000 திரும்ப வர அவர் 29 தொகுப்பு விற்க வேண்டும்.

6,000 பேரில் 29 பேர் வாங்கமாட்டார்களா என்று தோன்றும். ஆனால் அது 6,000 பேர் இல்லை. நான்கு வாரமும் கேட்பவர்கள் பெரும்பாலும் அதே ஆட்கள், ஆகமொத்தம் 2,000 பேர் இருக்கலாம். அவர்களில் மூன்றில் இரண்டு பங்குதான் தமிழ்நாடு, மற்றவர்கள் பெங்களூரு, சிங்கப்பூர், வளைகுடா. கடைக்காரர் குறைந்த செலவில் பார்சல் அனுப்பக்கூடியவர்கள் 1,300 பேர். அதில் 29 பேர் என்றால் நூற்றுக்கு இரண்டுக்கு மேல். முதல் மாதத்திலேயே அது நடப்பது அரிது.

அதனால் முதல் மாதம் ரூ.5,000 கேளுங்கள். அப்போது அவருக்கு 15 ஆர்டர் போதும். நூற்றுக்கு ஒருவரைவிடக் கொஞ்சம் அதிகம், எட்டக்கூடியது. 20 ஆர்டர் வந்தால் அடுத்த ஒப்பந்தத்துக்கு ரூ.8,000 கேட்க உங்களிடம் ஆதாரம் இருக்கும். நாட்டு விதை, பஞ்சகவ்யம் என்று மறுபடி மறுபடி வாங்கும் சரக்கு விற்பவரானால் விலையைக் கூடுதலாகவே வைக்கலாம், ஏனென்றால் ஒரு வாடிக்கையாளர் அவருக்கு மூன்று நான்கு தடவை காசு தருவார். எல்லாப் பேரத்திலும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய எண் கடைக்காரருக்கு ஒரு விற்பனையில் எவ்வளவு நிற்கிறது என்பதே. நேராகக் கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள்.

யாரைப் போய்க் கேட்கிறது? என்ன எழுதுறது?

உங்கள் கேட்பவர்கள் ஏற்கெனவே காசு கொடுத்துக்கொண்டிருக்கும் கடைகளை. கருத்துப் பெட்டியிலும் வாட்ஸப்பிலும் "இது எங்கே கிடைக்கும்?" என்று வரும் கேள்விகளை மூன்று மாதம் தேதியோடு எழுதிவைத்தால் பட்டியல் தயார். மாடித்தோட்டத்துக்கு அது பொள்ளாச்சிப் பக்கத் தென்னைநார் ஆலைகள், நாட்டு விதை சேகரிப்பாளர்கள், பை தைப்பவர்கள், சொட்டுநீர்க் குழாய்க் கடைகள். பெரிய நிறுவனத்தின் விளம்பர ஏஜென்சியில் ஆறு மாதம் அலைவதைவிட முதலாளியே போன் எடுக்கும் கடை நல்லது. அங்கே முடிவு ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்.

நீளமான பிடிஎஃப் வேண்டாம். வாட்ஸப்பில் இந்த அளவு போதும்:

"வணக்கம் சார். மாடித்தோட்டம் பற்றி வாராவாரம் தமிழில் பாட்காஸ்ட் நடத்துகிறேன். ஒரு எபிசோடை 30 நாளில் 1,500 தடவை கேட்கிறார்கள், மூன்றில் இரண்டு பேர் தமிழ்நாடு. தென்னைநார்க் கட்டி எங்கே வாங்குவது என்று போன மாதம் மட்டும் 23 பேர் கேட்டிருக்கிறார்கள், ஸ்கிரீன்ஷாட் கீழே. ஆடிப் பட்டத்துக்கு நான்கு எபிசோடில் உங்கள் கடையைப் பற்றி ஒரு நிமிடம் பேச ரூ.5,000. எத்தனை ஆர்டர் வந்தது என்று மாதக் கடைசியில் கணக்குத் தருகிறேன். நாளை மதியம் மூன்று மணிக்கு மேல் கூப்பிடட்டுமா சார்?"

இதில் வேலை செய்வது அந்த 23 பேர் என்ற வரி. ஸ்கிரீன்ஷாட்டில் பெயரையும் எண்ணையும் மறைத்துவிடுங்கள்.

நேரமும் முக்கியம். "ஆடிப் பட்டம் தேடி விதை" என்பது தோட்டக்காரர்களுக்கு மட்டுமல்ல, அவர்களுக்கு விற்பவர்களுக்கும் அதுதான் சீசன். ஆடி பிறப்பது ஜூலை நடுவில். கடைக்காரர் சரக்குக்குப் பணம் போடுவது வைகாசி, ஆனியில். மே கடைசியில் பேசினால் காது கொடுப்பார், ஜூலையில் பேசினால் "அடுத்த வருஷம் பார்க்கலாம் தம்பி". எந்தத் துறைக்கும் இப்படி ஒரு முகூர்த்தம் உண்டு. அதற்கு ஆறு வாரம் முன்னால் போய் நிற்க வேண்டும்.

பத்துப் பேருக்கு அனுப்பினால் மூன்று பேர் பதில் போடுவார்கள், ஒருவர் சம்மதிப்பார் என்று எதிர்பாருங்கள்.

விளம்பரத்தை எப்படிப் பேசணும், எந்த இடத்துல வைக்கணும்?

உங்கள் குரலில், 45 முதல் 60 விநாடி, எபிசோடின் முதல் மூன்றில் ஒரு பகுதி முடியும் இடத்தில். ஆரம்பத்திலேயே வைத்தால் தள்ளிவிடுவார்கள். கடைசியில் வைத்தால் பலர் போயிருப்பார்கள். ஒரு நிமிடத்துக்குத் தமிழில் 100 சொல் சரியாக இருக்கும். கடை அனுப்பும் வாசகத்தை அப்படியே படித்தால் ரேடியோ விளம்பரம் போல ஒலிக்கும். கேட்பவருக்கு உதவும் ஒரு விஷயத்தில் தொடங்குங்கள்:

"இந்தப் பகுதி விளம்பரம். தென்னைநார்க் கட்டியை ஊறவைக்கும்போது தண்ணி பழுப்பா இறங்கும் பாருங்க, அதை வடிச்சிட்டு இன்னும் ரெண்டு தடவை அலசணும். இல்லேன்னா உப்பு தங்கி நாத்து நுனி கருகும். அலசி உப்பு குறைச்ச கட்டியே வேணும்னா இவங்ககிட்ட கிடைக்குது. அஞ்சு கிலோ கட்டி ஊறினா சுமார் 70 லிட்டர் வரும்…"

"இந்தப் பகுதி விளம்பரம்" என்ற வரியை விடாதீர்கள். விளம்பரத் தர அமைப்பான ஆஸ்கியின் 2021 விதிகள், ஒலி மட்டும் உள்ள பதிவில் இந்த அறிவிப்பு தொடக்கத்திலும் முடிவிலும், நடுவில் வரும் ஒவ்வொரு இடைவேளைக்கு முன்னும் பின்னும் கேட்க வேண்டும் என்கின்றன. தவறாக வழிநடத்தும் பரிந்துரைக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ரூ.10 லட்சம் வரை அபராதம் உண்டு. யூடியூபில் ஏற்றும்போது "paid promotion" கட்டத்தை டிக் செய்யுங்கள். எபிசோடுகளைச் செயலிகளுக்குத் தானாகக் கொண்டுபோகும் ஆர்எஸ்எஸ் இணைப்பு வழியாக யூடியூபுக்குப் போகும் எபிசோடில், ஹோஸ்டிங் தளம் தானாகச் செருகும் விளம்பரங்களுக்கு அனுமதி இல்லை. நீங்களே படிக்கும் விளம்பரத்துக்குத் தடையில்லை.

ஒன்றை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்: விளம்பரம் எபிசோடில் எத்தனை நாள் இருக்கும்? மாடித்தோட்ட எபிசோடை இரண்டு வருடம் கழித்தும் தேடிக் கேட்பார்கள். நிரந்தரமாக ஒட்டிவிட்டால் அந்தக் கேட்பெல்லாம் இலவசம். 90 நாள் என்று வைத்து, பிறகு விளம்பரம் இல்லாத கோப்பை மாற்றிவிடலாம். அதற்காக எடிட் செய்யும்போதே இரண்டு கோப்பாகச் சேமித்து வையுங்கள்.

கூப்பன் கோடு கொடுத்தோம். யாருமே போடலைன்னு கடைக்காரர் சொல்றார்.

வாங்கியிருப்பார்கள், கோடு போட்டிருக்கமாட்டார்கள். நம் ஊரில் சிறு கடையில் இணையதளப் படிவத்தை நிரப்புவதைவிட போன் போட்டுக் கேட்பதுதான் வழக்கம். போனை எடுக்கும் பெண்ணிடம் பாட்காஸ்ட் பற்றி யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள், அவரும் "எங்கே கேள்விப்பட்டீங்க?" என்று கேட்டிருக்கமாட்டார். ஆர்டர் வந்திருக்கும், உங்கள் கணக்கில் ஏறியிருக்காது.

செய்தி தானாகவே நிரம்பி வரும் வாட்ஸப் இணைப்பைக் கொடுங்கள்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=MAADI
```

எக்ஸ் இருக்கும் இடத்தில் கடையின் பத்து இலக்க எண். தட்டியதும் "MAADI" என்ற சொல் தயாராக நிற்கும், அனுப்பினால் போதும். மாதக் கடைசியில் கடைக்காரர் வாட்ஸப்பில் அந்தச் சொல்லைத் தேடினால் எண்ணிக்கை வந்துவிடும். போனில் வருபவர்களுக்காக, கல்லா பக்கத்தில் ஒரு நோட்டும் போன் எடுப்பவரிடம் ஐந்து நிமிடப் பேச்சும் வேண்டும். அந்த ஐந்து நிமிடத்துக்காகக் கடைக்கு நேரில் போவது வீண்போகாது.

ரம்மி ஆப், ஷேர் டிப்ஸ் குழுவெல்லாம் பெரிய தொகை தர்றேன்னு வர்றாங்க.

வேண்டாம். பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளையும் அவற்றின் விளம்பரத்தையும் 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் தடை செய்துவிட்டது. விளம்பரம் செய்தவருக்கு இரண்டு வருடச் சிறையும் ரூ.50 லட்சம் அபராதமும் வரை போகலாம். ஷேர் டிப்ஸ் தருபவர் செபியில் பதிவு பெறாதவர் என்றால் அதுவும் வம்புதான்.

பணம் இல்ல, பொருளா தர்றேங்கிறாங்க. வாங்கிக்கலாமா?

முதல் வருடத்தில் ஒரே ஒரு தடவை, அதுவும் நீங்கள் எப்படியும் காசு கொடுத்து வாங்கியிருக்கக்கூடிய பொருள் என்றால். அதையும் விளம்பரம் என்றே அறிவிக்க வேண்டும். ஒருவரிடமிருந்து வருடத்தில் ரூ.20,000-க்கு மேல் பொருளாகப் பெற்றால் அதற்கும் டிடிஎஸ் வரலாம்.

கேட்கிறவங்ககிட்டயே பணம் கேட்டா எத்தனை பேர் கொடுப்பாங்க?

வாராவாரம் கேட்பவர்களில் நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவர். 2,000 பேர் என்றால் 30 பேர் என்று திட்டமிடுங்கள். மாதம் ரூ.99 வீதம் ரூ.2,970. இணையத்தில் பணத்தை வாங்கித் தரும் பேமென்ட் கேட்வே 2 சதவீதமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் எடுத்தபின் ரூ.2,900.

எப்போது கேட்பது என்பதற்கு ஒரு அடையாளம் இருக்கிறது. ஒரு வாரம் எபிசோட் வராவிட்டால் "என்னாச்சு, இந்த வாரம் வரலையே?" என்று முன்பின் தெரியாதவர்கள் கேட்க ஆரம்பித்தால் கேட்கலாம். பெரும்பாலும் 12 முதல் 15 மாதத்தில் அது நடக்கும். அதற்கு முன்னால் கேட்டால் சித்தப்பாவும் ஆபீஸ் நண்பரும்தான் கொடுப்பார்கள், மூன்றாம் மாதம் நின்றுவிடும்.

பதிலுக்கு என்ன தருவது என்பதில் பலர் தங்களையே மாட்டிக்கொள்கிறார்கள். வாரம் ஒரு கூடுதல் எபிசோட் என்று வாக்குக் கொடுத்தால் 2,900 ரூபாய்க்காக வேலை இரட்டிப்பாகிவிடும். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் குழுவாகப் பேசி, அவர்கள் அனுப்பும் பூச்சி, இலைப் படங்களுக்குப் பதில் சொன்னால் போதும். மக்கள் காசு கொடுப்பது அதற்குத்தான். அந்தப் பேச்சிலிருந்தே அடுத்த இரண்டு எபிசோடுக்குப் பொருளும் கிடைத்துவிடும்.

ஜிபே நம்பரை ஷோ நோட்ஸ்ல போட்டா போதாதா?

முதலில் பத்துப் பேரைச் சோதிக்க அது போதும். அதற்குமேல் மூன்று சிக்கல் வரும். உங்கள் சொந்த மொபைல் எண் ஊருக்கெல்லாம் போய்விடும், அதனால் எண் இல்லாத தனி யூபிஐ ஐடியைத் தனிக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது, பாட்காஸ்ட் செயலிகளில் "upi://pay" என்று தொடங்கும் இணைப்பு பெரும்பாலும் வெறும் எழுத்தாகத்தான் தெரியும், தட்டினால் திறக்காது. திறந்தாலும் தனிநபர் ஐடிக்கு இப்படி வரும் பணத்தைச் சில செயலிகள் பாதுகாப்புக் காரணம் காட்டி நிறுத்திவிடும். ஆகவே வழக்கமான "https" முகவரியுள்ள ஒரு பக்கம் வேண்டும். மூன்றாவது, மாதாமாதம் அவரே ஞாபகம் வைத்து அனுப்ப வேண்டும். அனுப்பமாட்டார்.

ரேசர்பே போன்ற கேட்வேயில் பான், வங்கிக் கணக்கு, தொடர்பு முகவரி, ரீஃபண்ட் விதி உள்ள பக்கம் இருந்தால் தனிநபருக்கும் கணக்குத் திறக்கிறார்கள். விண்ணப்பத்தில் "நன்கொடை" என்று எழுதினால் அறக்கட்டளைப் பதிவுச் சான்று கேட்டு நிறுத்திவைப்பார்கள். நீங்கள் தருவது சந்தா, அதற்கு மாதச் சந்திப்பு என்ற சேவை உண்டு. அப்படியே எழுதுங்கள். வருமான வரியிலும் அது வருமானம்தான்.

மாசச் சந்தா ஆரம்பிச்சு மூணே மாசத்துல பாதிப் பேர் காணாமப் போயிட்டாங்க.

பட்டியலை எடுத்து, தானே ரத்து செய்தவர் எத்தனை, பணம் எடுக்க முடியாமல் தோற்றது எத்தனை என்று பிரித்துப் பாருங்கள். பல தடவை இரண்டாவது வகைதான் அதிகம். மாதாமாதம் தானாகப் பணம் எடுக்கும் யூபிஐ ஆட்டோபேயில் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் வங்கி தகவல் அனுப்பும், கணக்கில் பணம் இல்லாவிட்டால் தோற்கும். மாதக் கடைசியில் சேர்ந்தவருக்கு ஒவ்வொரு மாதமும் கடைசியிலேயே எடுக்கப்போவார்கள், அப்போது அந்தக் கணக்கு காலியாக இருக்கும். எல்லோருக்கும் 5 முதல் 7-ம் தேதிக்குள் எடுக்கும்படி அமைத்தால் தோல்வி குறையும். தோற்றவருக்குக் கேட்வே அனுப்பும் ஆங்கில மின்னஞ்சலை நம்பாமல், நீங்களே தமிழில் ஒரு வாட்ஸப் அனுப்புங்கள்.

வருடச் சந்தா ரூ.999 என்று இன்னொன்றும் வையுங்கள். ஒரு தடவை கொடுத்தால் முடிந்தது என்று நினைப்பவர்கள் நம்மிடம் நிறைய.

தாமாகவே ரத்து செய்தவர்கள் அதிகம் என்றால் மாதச் சந்திப்பு நடக்கவில்லை, அல்லது வேலைநாளில் நடக்கிறது என்று அர்த்தம்.

வெளிநாட்டுத் தமிழர்கள் நிறையப் பேர் கேட்கிறாங்க. அவங்ககிட்ட எப்படி வாங்குறது?

யூடியூப் மெம்பர்ஷிப்தான் சுலபம். 500 சப்ஸ்கிரைபர், 90 நாளில் மூன்று வீடியோ, 12 மாதத்தில் 3,000 மணி நேரப் பார்வை இருந்தால் திறக்கும். வருவதில் 70 சதவீதம் உங்களுக்கு. சிங்கப்பூர், அமீரகம், பிரிட்டன், அமெரிக்கா உள்ளிட்ட சில நாடுகளில் இருப்பவர்கள் வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ வங்கிக் கணக்கு வைத்திருந்தால் அந்த நாட்டு எண்ணிலேயே யூபிஐ பயன்படுத்தலாம்.

செய்தி, நடப்பு அரசியல் பேசும் நிகழ்ச்சி என்றால் இங்கே நின்று யோசியுங்கள். ஒலி வடிவில் செய்தியும் நடப்பு நிகழ்வும் தயாரிக்கும் நிறுவனங்களும் அவற்றின் ஆசிரியர், உரிமையாளர் போன்றவர்களும் வெளிநாட்டு நன்கொடை பெற எஃப்சிஆர்ஏ சட்டம் தடை விதிக்கிறது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது அதில் வராது. ஆனால் மலேசிய, கனடியக் குடியுரிமை பெற்ற தமிழர் சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டு மூலம். சேவைக்கான கட்டணம் வேறு, நன்கொடை வேறு. பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்பதே அதைத் தீர்மானிக்கலாம் என்பதால், திறக்கும் முன்பே ஆடிட்டரிடம் காட்டிவிடுங்கள்.

பில், ஜிஎஸ்டி, டிடிஎஸ் எல்லாம் இப்பவே பார்க்கணுமா?

தமிழ்நாட்டில் சேவை வருமானம் வருடம் ரூ.20 லட்சம் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. சாதாரண பில் போதும். உள்ளூர்க் கடையிடம் பாதி முன்பணம் வாங்கிக்கொள்ளுங்கள். ஏஜென்சி வழியாக வந்தால் 60, 90 நாள் இழுப்பார்கள். அதற்கு ஒரு மருந்து, குறு, சிறு நிறுவனங்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு. இலவசம், ஆதாரும் பானும் போதும். குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தராவிட்டால், கொடுக்கும் வரை அந்தச் செலவை வரிக்கணக்கில் கழிக்க முடியாது என்ற விதி இருப்பதால், பில்லில் உத்யம் எண்ணைப் பார்த்ததும் அவர்களின் கணக்குப் பிரிவு கொஞ்சம் வேகமாக நகரும். டிடிஎஸ் பிடித்திருந்தால் அது உங்கள் பான் பெயரில் ஏறியிருக்கிறதா என்று வருமானவரித் தளத்தில் பாருங்கள். ஏறியிருந்தால் ரிட்டர்னில் கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம், மிச்சமிருந்தால் திரும்பப் பெறலாம்.

ரெண்டு வருஷம் முடிஞ்சா கையில எவ்வளவு நிக்கும்?

ஸ்பான்சர் மாதம் ரூ.8,000 என்றாலும் 12 மாதமும் கிடைக்காது. பங்குனி, சித்திரை வெயிலில் தோட்டக் கடைகளுக்கே வியாபாரம் மந்தம். எட்டு மாதம் கிடைத்தால் வருடம் ரூ.64,000, மாதச் சராசரி ரூ.5,300. சந்தா ரூ.2,900. இரண்டும் சேர்ந்து ரூ.8,200. ஹோஸ்டிங், மென்பொருள், பயணம் ரூ.2,000 போக ரூ.6,200 நிற்கும். ஒரு எபிசோடுக்கு 12 மணி நேரம் உழைத்தால் மாதம் 48 மணி நேரம், ஆக மணிக்குச் சுமார் ரூ.130. யூடியூப் விளம்பர வருமானத்தை இதில் சேர்க்கவில்லை. மாதத்துக்கு மாதம் அது ஆடும்.

இதைக் கூட்டுவதற்கு அதிகக் கேட்பாளர்கள் மட்டுமே வழி அல்ல. ஒரே எபிசோடில் விதைக்கடை ஒன்றும் குழாய்க்கடை ஒன்றுமாக, போட்டியில்லாத இரண்டு ஸ்பான்சர் இருக்கலாம். ஒரே நாளில் இரண்டு எபிசோட் பதிவு செய்தால் 12 மணி நேரம் 9 ஆகும். வேலையை விடும் யோசனை இருந்தால், மூன்றாம் வருடத்திலும் இந்தப் பாட்காஸ்ட் மட்டும் குடும்பச் செலவைத் தாங்காது என்று வைத்தே முடிவெடுங்கள்.

ஒரு வருஷம் ஆச்சு, எண்ணிக்கை ஏறவே இல்ல. நிறுத்திடலாமா?

இரண்டு எண்ணைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஒன்று, எபிசோடை எவ்வளவு தூரம் கேட்கிறார்கள் என்பது. ஆப்பிள் பாட்காஸ்ட்ஸிலும் ஸ்பாட்டிஃபையிலும் இது தெரியும். இரண்டு, 10-வது எபிசோடையும் 45-வது எபிசோடையும் முதல் ஏழு நாளில் கேட்டவர் எண்ணிக்கை.

முக்கால்வாசி தூரம் கேட்கிறார்கள், ஆனால் ஏழு நாள் எண் ஏறவில்லை என்றால் நிகழ்ச்சி நன்றாக இருக்கிறது, புது ஆள் வரவில்லை. மூன்று மாதத்துக்கு, எடிட்டிங்கில் செலவழிக்கும் நேரத்தில் பாதியை வேறு தோட்ட நிகழ்ச்சிகளில் விருந்தினராகப் பேசுவதற்கும், தேடுபவர் எழுதும் சொல்லிலேயே தலைப்பு வைப்பதற்கும் மாற்றுங்கள். "பசுமைப் பயணம் 31" என்று யாரும் தேடுவதில்லை, "தக்காளிச் செடி இலை சுருட்டல்" என்று தேடுகிறார்கள்.

முதல் ஐந்து நிமிடத்திலேயே பாதிப் பேர் போய்விடுகிறார்கள் என்றால் வரைபடத்தில் எந்த இடத்தில் கோடு சரிகிறது என்று பார்த்து, அந்த இடத்தைப் போட்டுக் கேளுங்கள். பெரும்பாலும் அது இரண்டு நிமிட அறிமுக இசையாகவோ, "போன வாரம் என்ன பேசினோம்" என்பதாகவோ இருக்கும். அதை வெட்டி எட்டு எபிசோட் போடுங்கள். அப்போதும் கோடு அதே இடத்தில் சரிந்து, ஏழு நாள் எண்ணும் நகராவிட்டால், இந்தப் பொருளில் ஸ்பான்சரைத் தேடுவதை நிறுத்திக்கொள்ளலாம். பழைய எபிசோடுகளை மட்டும் அழிக்காதீர்கள், அடுத்த ஆடியில் அவற்றைத் தேடி ஆள் வரும்.